நாற்பது மீற்றருக்குள் நிற்குமா?

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக ‘பாதை’யில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்கள்தான். ஆனால் இருட்டிய பிறகு வயல்வெளி வீதிகளில் மாடுகள் படுத்துக் கிடப்பது மட்டும் மாறவில்லை.

அண்மையில் லைசன்ஸ் எடுத்த ஒரு தம்பி இரவில் கொக்கட்டிச்சோலைப் பக்கமாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாழ்த்திய ஹெட்லைட் வெளிச்சத்தில் மாடு தெரியும்போது அது நாற்பது மீற்றர் தூரத்தில் கிடக்கிறது. கண்டு, புரிந்து, பிறேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வந்தால் அதற்குள் 21 மீற்றர் ஓடிவிடும். காய்ந்த காப்பற் வீதியில் நன்றாகப் பிறேக் பிடித்தால் இன்னும் 16 மீற்றரில் வண்டி நிற்கும். மாடு தப்பும், அவரும் தப்புவார். 70இல் வந்தாலோ, பிறேக்கைத் தொடும்போதே 29 மீற்றர் போய்விடும். மிச்சமிருக்கும் 11 மீற்றருக்குள் வேகம் சற்றே குறையும். ஏறக்குறைய 57 கிலோமீற்றர் வேகத்தில் மாட்டில் மோதுவார். கூடியது 20 கிலோமீற்றர் மட்டுமே.

“பிறேக் பிடிச்சா நிக்கும்தானே” என்று அவர் சொல்வது பொய்யில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத்தான் அவர் அறியவில்லை. புதிதாக ஓட்டுபவரின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும் என்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பழகியவர் தூரத்தையும் ஓரங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். வேலியோரம் ஒரு கன்று நின்றால், தாய்ப்பசு வீதியின் மறுபக்கம் நிற்கலாம் என்று முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார்.

இதைவிட ஆபத்தானது, ஒன்றும் நடக்காத இரவுகள். அதே வீதியில் பல தடவை 70இல் போய் மாடு குறுக்கிடாமல் வீடு வந்தவர், தன் திறமையால் தப்பினேன் என்றே நினைப்பார். அந்த நினைப்பு வேகத்தை இன்னும் கூட்டும். நோர்வேயில் 1979இல் புதிய சாரதிகளுக்கு வழுக்கும் வீதியில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, இளம் ஆண்கள் வழுக்கும் வீதியில் மோதுவது குறையவில்லை, கூடியிருந்தது. வண்டியை அடக்கும் வித்தை கைவந்துவிட்டது என்ற துணிச்சலே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எட்டுப் போட்டுப் பாஸான பிள்ளையைப் பார்த்து நாமும் அப்படித்தான் ஏமாறுகிறோம். எட்டுப் போடும்போது குறுக்கே மாடு வருவதில்லை.

லைசன்ஸ் எடுத்த முதல் ஆறேழு மாதங்களில்தான் விபத்து அதிகம் என்றும், அதன்பின் வேகமாகக் குறைகிறது என்றும் கனடாவில் கண்டிருக்கிறார்கள். அந்த மாதங்களில் உங்கள் மகனிடம் இரவில் ஓட்டுவதை, அதுவும் பின்னால் கூட்டாளியை ஏற்றிக்கொண்டு போவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். போயே ஆகவேண்டுமென்றால், ஒருநாள் நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிறதா என்று அவரையே சொல்ல விடுங்கள்.