ஆத்திரம் எப்போது கொலையைக் குறைக்கும்? கோகுல்ராஜ் வழக்கை முன்வைத்து

2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னுடன் படித்த பெண்ணொருவருடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குச் சென்றார். அவர் தலித், அப்பெண் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்தவர். கோயிலில் ஒரு கும்பல் அவரைப் பிடித்துச் சென்றது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட அவரது உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டும் வகையில் ஒரு கடிதமும் இருந்தது.

இத்தகைய கொலைகள் நிகழும்போதெல்லாம் ஊர்ப்பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: "ஆத்திரத்தில் செய்துவிட்டார்கள்." சட்டத்திலும் ஆத்திரத்திற்கு ஓர் இடம் உண்டு. அது எவ்வளவு குறுகிய இடம் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மரணம் விளைவிக்கும் குற்றம் என்பது பெரிய வட்டம். கொலை அதற்குள் இருக்கும் சிறிய வட்டம். ஒருவரைக் கொல்லும் நோக்கத்துடன், அல்லது சாதாரணமாகவே மரணத்தில் முடியத்தக்க காயத்தை விளைவிக்கும் நோக்கத்துடன் செய்த செயல் கொலையாகும். ஆனால் சட்டம் ஐந்து விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று பொருந்தினால், கொல்லும் நோக்கம் இருந்தபோதும் குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். அப்போது மரண தண்டனைக்கு இடமில்லை. இவை இந்திய தண்டனைச் சட்டத்தில் 300, 304 ஆகிய பிரிவுகளில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 101, 105 பிரிவுகளில் உள்ளன.

முதல் விதிவிலக்கே ஆத்திரமூட்டல். அது கடுமையானதாகவும் திடீரென்றும் இருக்க வேண்டும். அதனால் தன்னடக்கம் இழந்த நிலையிலேயே கொலை நிகழ்ந்திருக்க வேண்டும். குற்றவாளி தானே தேடிச் சென்று வரவழைத்துக்கொண்ட ஆத்திரம் கணக்கில் வராது.

நானாவதி வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் இதற்கான அளவுகோலை வகுத்தது. கடற்படை அதிகாரியான நானாவதி, தம் மனைவியின் உறவை அவர் வாயாலேயே கேட்டறிந்தார். பின் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி வாங்கி, அந்த ஆணின் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். வீட்டைவிட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கோபம் தணியவும் யோசிக்கவும் அது போதுமான அவகாசம் என்று நீதிமன்றம் கூறி, கொலைத் தண்டனையை உறுதிசெய்தது.

அதே தீர்ப்பில் ஒரு சொற்றொடர் நம்மை உறுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சார்ந்த "அதே சமூக வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனிதர்" அச்சூழலில் தன்னடக்கம் இழப்பாரா என்பதே சோதனை. அப்படியானால் சாதிப் பெருமிதம் ஊட்டி வளர்க்கப்பட்டவரின் கோபமும் நியாயமானதாகிவிடுமா? என் கருத்தில், ஆகாது. வயதுவந்த இருவர் சேர்ந்து கோயிலுக்குப் போவது அவர்களது உரிமை. அது மூன்றாமவரை ஆத்திரமூட்டும் செயலே அல்ல. பகவான் தாஸ் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், 'கௌரவ'க் கொலை மரண தண்டனைக்குரிய அரிதினும் அரிதான வகையைச் சேரும் என்றே சொன்னது.

திருச்செங்கோட்டு நிகழ்வை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். எதிரிகள் இந்த விதிவிலக்கை நம்பி வழக்காடவில்லை. ஆனால் ஆத்திரம் என்று சொல்லியிருந்தாலும் நின்றிருக்காது. கும்பல் தேடிச் சென்று தலையிட்டது, கடத்தியது, பல மணி நேரம் கழிந்தது, தற்கொலைத் தோற்றம் ஏற்படுத்தப்பட்டது. இவை ஒவ்வொன்றும் யோசனையின் அடையாளம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைத் தண்டித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

மனநிலை காரணமாகப் பொறுப்பைக் குறைக்கும் வழி இங்கிலாந்தில் 1957 முதல் உண்டு. நம் சட்டத்தில் அத்தகைய இடைநிலை இல்லை. தான் செய்வது என்ன, அது தவறு என்பதை அறிய இயலாத சித்த சுவாதீனமின்மை நிரூபிக்கப்பட்டால் விடுதலை. இல்லையேல் முழுப் பொறுப்பு. இந்த இடைவெளியைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் சுயம்புக்கனி வழக்கில் ஓரளவு நிரப்பியது. துன்பம் தாளாமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கு அது. நீண்ட காலம் சேர்ந்த துன்பமும் ஆத்திரமூட்டலாகலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. நல்லதங்காள் கதையை நினைவூட்டியது. தொடர்ந்து ஒடுக்கப்பட்டவருக்காக விரிந்த இந்த வாசல், ஒடுக்குபவரின் நெடுநாள் வன்மத்துக்கு உரியதல்ல.

களத்தில் கவனிக்க வேண்டியது நான்காம் விதிவிலக்கான 'திடீர் சண்டை'யையும்தான். முதல் தகவல் அறிக்கையில் "வாய்த்தகராறு முற்றியது" என்று எழுதப்பட்டால், குற்றம் சிறிதாவதற்கான விதை அங்கேயே விழுகிறது. ஆயுதம் யார் கொண்டுவந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எந்த நேரத்தில் தொலைபேசி அழைப்புகள் சென்றன, கண்காணிப்பு கேமராப் பதிவு அழியுமுன் கைப்பற்றப்பட்டதா என்பவற்றை முதல் வாரத்திலேயே எழுத்துமூலம் கேட்க வேண்டும். கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பின்னும் நின்றது கோயில் கேமராப் பதிவு.