ஏழு வந்தால் மருத்துவர் வந்தாக வேண்டும்

வார்டில் இருந்த நோயாளி திடீரென்று மோசமாகிவிட்டார் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. பல மணி நேரத்துக்கு முன்பே மூச்சு கொஞ்சம் வேகமாகியிருக்கும், நாடித்துடிப்பு கொஞ்சம் கூடியிருக்கும், பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கும். செவிலியர் இவற்றை அளந்து எழுதியும் வைத்திருப்பார். ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் தெரியாது. அதனால் யாரையும் கூப்பிடாமலே இரவு கழிந்துவிடும்.

இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் பார்த்தால் என்ன என்ற யோசனையில்தான் 1997-ல் இங்கிலாந்தில் ‘முன்னெச்சரிக்கை மதிப்பெண்’ பிறந்தது. பிறகு ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. ஊர் மாறி வேலைக்கு வந்த செவிலியருக்கு இது குழப்பமாக இருந்தது. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் எல்லோருக்கும் பொதுவான ஒரு சார்ட்டை வெளியிட்டு, 2017-ல் அதைத் திருத்தியது. ‘நியூஸ் 2’ என்ற பெயரில் பிரிட்டன் வார்டுகளில் இன்று புழக்கத்தில் இருப்பது அதுதான்.

கணக்கு எப்படி?

மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, மேல் பிரஷர், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, உடல் வெப்பம் என ஆறு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு கூடும். மூச்சை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் 0. 21 முதல் 24 வரை என்றால் 2. 25-ஐத் தொட்டால் 3. குறைவதும் ஆபத்துதான்: 9 முதல் 11 வரை என்றால் 1, 8-ம் அதற்குக் கீழும் 3. நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கென்று தனியாக 2 சேரும்.

எல்லாவற்றையும் கூட்டி வரும் எண், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. 0 என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அளந்தால் போதும். 1 முதல் 4 வரை என்றால், அளந்தவர் பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். அவர் நேரில் பார்த்து, அடிக்கடி அளப்பதா, மருத்துவரைக் கூப்பிடுவதா என்று முடிவெடுப்பார். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மறுபடி அளந்தாக வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஓர் அளவுக்கு மட்டும் 3 விழுந்தால் மருத்துவக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். மணிக்கு ஒரு முறை அளக்க வேண்டும். 5 அல்லது 6 வந்தால் அவசரம். செவிலியர் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 7-ம் அதற்கு மேலும் நெருக்கடி. அனுபவமுள்ள மூத்த மருத்துவருக்கும், தீவிர சிகிச்சையில் தேர்ந்த குழுவுக்கும் அழைப்பு போக வேண்டும். நோயாளியை மானிட்டரில் இடைவிடாமல் கவனிக்க வேண்டும், ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதையும் யோசிக்க வேண்டும்.

ஓர் இரவு

உதாரணத்துக்கு, பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாளில் இருக்கும் 68 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு எல்லாம் இயல்பு, மதிப்பெண் 0. இரவு 10 மணிக்கு மூச்சு 21, ஆக்சிஜன் 95 சதவீதம், நாடி 94, பிரஷர் 118, வெப்பம் 37.9 டிகிரி செல்சியஸ். மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, நாடிக்கு 1, மொத்தம் 4. விதிப்படி ஆறு மணி நேரம் வரை காத்திருக்கலாம். ஆனால் 0-விலிருந்து நான்கு மணி நேரத்தில் 4-க்கு ஏறியிருப்பதைப் பார்த்த செவிலியர், ஒரு மணி நேரத்தில் மறுபடி அளக்க முடிவு செய்கிறார்.

இரவு 11 மணி. மூச்சு 24, ஆக்சிஜன் 93, பிரஷர் 108, நாடி 104, வெப்பம் 38.3. நோயாளி தெளிவாகப் பேசுகிறார், “கொஞ்சம் அசதி” என்கிறார். மதிப்பெண் முறையே 2, 2, 1, 1, 1. மொத்தம் 7. ஓர் அளவுக்குக்கூட 3 விழவில்லை. 108 பிரஷரைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

ஆக்சிஜன் வைத்ததும் அளவு 97-க்கு ஏறுகிறது. பார்வைக்கு நிலைமை தேறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் குறைந்த 2, ஆக்சிஜன் கொடுப்பதற்கான 2-ஆகத் திரும்பி வந்துவிடுகிறது; மொத்தம் அதே 7. மாஸ்க் தந்த நல்ல எண்ணைக் கண்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தனி மதிப்பெண்.

செவிலியர் போனில் சொல்ல வேண்டியதை நான்கு பகுதிகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள்: இப்போதைய நிலை, பின்னணி, தன் கணிப்பு, தனக்கு வேண்டியது. “டாக்டர், அறுவை சிகிச்சை வார்டிலிருந்து பேசுகிறேன். நோயாளியின் மதிப்பெண் 7, ஒரு மணி நேரத்துக்கு முன் 4. குடல் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். தொற்று பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் போன் வெறும் தகவலாக முடிந்துவிடும். மருத்துவர் வர முடியாத நிலையில் இருந்தால் செவிலியர் அவருக்கு மேலே உள்ளவரை அழைக்க வேண்டும்.

நான்காம் நாளில் இப்படி ஆனால் தையல் போட்ட இடத்தில் குடல் கசிகிறதா, நுரையீரலில் தொற்றா என்று பார்ப்பார்கள். எது என்று சார்ட் சொல்லாது. அதன் வேலை, கண்டுபிடிக்க வேண்டியவரை நேரத்தோடு படுக்கையருகே கொண்டுவருவது.

எங்கே தவறுகிறது?

முதல் இடம் மூச்சுதான். மற்றவற்றைக் கருவி அளந்துவிடும். மூச்சை மட்டும் முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். வேலை நெருக்கடியில் பார்வையாலேயே மதிப்பிட்டு எழுதிவிடுவது உண்டு. வார்டில் எல்லோருக்கும் நாள் முழுக்க 16, 18 என்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நம் நோயாளிக்கு 11 மணிக்கு 18 என்று எழுதியிருந்தால் மதிப்பெண் 5-ஆகியிருக்கும். மூத்தவர்களுக்குப் போக வேண்டிய அழைப்பு போயிருக்காது.

இரண்டாவது, ஆக்சிஜன் அளவுகோல். நீண்டகால நுரையீரல் நோயால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிலருக்கு 88 முதல் 92 சதவீதமே சரியான இலக்கு. அவர்களுக்கென்று சார்ட்டில் இரண்டாவது அளவுகோல் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அதைப் போட்டால் 90 என்ற ஆபத்தான அளவுக்கு 0 விழும்.

சார்ட்டுக்கு எல்லைகளும் உண்டு. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் இருக்கலாம். அதனால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இவர் சரியில்லை என்று செவிலியருக்குத் தோன்றினால் அழைக்கலாம், அழைக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. 2017 திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்தது ‘புதுக் குழப்பம்’: நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று இடம், நேரம் தெரியாமல் பேசினால் அதற்கு நேராக 3. அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது இரவு டூட்டிக்கு வந்த செவிலியருக்குத் தெரியாது, வீட்டாருக்குத் தெரியும். நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால் வேறொரு குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையை ‘மார்த்தா விதி’ தருகிறது. அது 2024-ல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

உங்கள் வீட்டார் எந்த மருத்துவமனையில் படுத்திருந்தாலும், பேச்சு மாறினாலோ மூச்சு வேகமானாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். மறுபடி அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.