டே கேர் வாசலில் தினமும் அழுகையா? முதல் மூணு நாள் விட்டுட்டு வராதீங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு புரியும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு பிரசவ விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். ஆக, திரும்ப ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு நாலு முதல் ஆறு மாதம்தான். பாட்டி வந்து சில மாதம் பார்த்துக்குவாங்க. அவங்க ஊருக்குக் கிளம்பினதும் டே கேர் தேடுவோம். அப்போ குழந்தைக்கு பத்து மாதமோ, ஒரு வயசோ ஆகியிருக்கும்.

பிரிவுப் பதற்றம் உச்சத்தில் இருப்பது சரியா அந்த நேரத்தில்தான்.

நாலு மாதக் குழந்தை யார் தூக்கினாலும் சிரிக்கும். எட்டு மாதம் வாக்கில், கண்ணில் படாத பொருளும் எங்கேயோ இருக்குன்னு மூளைக்குப் புரிய ஆரம்பிக்குது. அம்மா எங்கேயோ இருக்காங்க, ஆனா இங்கே இல்லை. எப்போ வருவாங்கன்னும் தெரியாது, 'போகாதே'ன்னு சொல்லவும் வாய் வராது. மிச்சம் இருப்பது அழுகை மட்டும்தான். பெரும்பாலும் 10 முதல் 18 மாதம் வரை இது அதிகமா இருக்கும், மூணு வயசை நெருங்கும்போது குறையும். அங்கன்வாடியிலோ, எல்.கே.ஜி-யிலோ சேர்க்கும்போது மறுபடி கொஞ்சம் தலைதூக்கும். குழந்தை பிடிவாதம் பிடிக்குதுன்னு அர்த்தம் இல்லை. யாரை நம்பணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பல டே கேர்களில் 'பெர்லின் முறை'ன்னு ஒண்ணைப் பின்பற்றுறாங்க. நம்ம ஊருக்கும் நல்லாவே பொருந்தும். சோழவரத்தில் கம்பெனி பஸ் ஏறும் ஓர் அம்மா, 13 மாதக் குழந்தையை இந்த முறையில் சேர்க்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க.

முதல் மூணு நாளும் அம்மா கூடவே போய், ஒரு மணி நேரம் போல இருந்துட்டு, குழந்தையோடவே திரும்பிடணும். ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்தா போதும். 'போய் விளையாடு'ன்னு தள்ளிவிட வேண்டாம், ஓடி வந்து மடியில் ஏறினா ஏறட்டும். பார்த்துக்கப் போற ஆயாம்மாவோ டீச்சரோ அந்த நேரத்தில் மெதுவா பழகணும். தினமும் ஆள் மாறினா இது வேலைக்கு ஆகாது. சேர்க்கும் முன்னாடியே 'என் குழந்தையை யார் பார்த்துப்பாங்க?'ன்னு கேட்டுடுங்க.

நாலாம் நாள்தான் முதல் பிரிவு. அது திங்கட்கிழமையா வந்தா செவ்வாய்க்குத் தள்ளிடுங்க. ரெண்டு நாள் வீட்டில் இருந்துட்டு வர்ற குழந்தைக்குத் திங்கள் கஷ்டம். 'அம்மா போயிட்டு வரேன்'னு சொல்லிட்டு வெளியே வந்து, கூப்பிடு தூரத்தில் நில்லுங்க. ஆயாம்மா தூக்கினதும் சில நிமிஷத்தில் அழுகை அடங்கினா, அதிகபட்சம் அரை மணி நேரம். அடங்கலைன்னா உடனே உள்ளே போயிடுங்க. அடங்கின குழந்தைக்கு அடுத்தடுத்த நாள்களில் நேரத்தைக் கூட்டலாம். அடங்காத குழந்தைக்கு இன்னும் சில நாள் அம்மா கூடவே இருக்கணும், மொத்தம் ரெண்டு, மூணு வாரம் ஆகலாம். அவ்வளவு லீவு கிடைக்காதா? அப்பாவோ பாட்டியோ உட்காரலாம், குழந்தைக்கு நெருக்கமான ஒரே ஆளா இருந்தா சரி.

குழந்தை பொம்மையைப் பார்க்கும்போது நைஸா நழுவுற பழக்கம் நம்மகிட்ட நிறையவே இருக்கு. அன்னைக்கு அழுகை மிச்சம்னு தோணும். ஆனா 'கண்ணைத் திருப்பினா அம்மா காணாமப் போயிடுவாங்க'ன்னு குழந்தை கத்துக்கும். அப்புறம் வீட்டில் பாத்ரூமுக்குக்கூட விடாது. சொல்லிட்டுப் போங்க, சுருக்கமா போங்க, வாசலில் நின்னு திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்காதீங்க. ரெண்டு, மூணு வயசுக் குழந்தைகிட்ட 'அஞ்சு மணிக்கு வரேன்'னா புரியாது. 'தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்'னா புரியும். சொன்னபடி வந்துடணும்.

பழகுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் அழுததை வெச்சு முடிவு பண்ணாதீங்க. 'எவ்வளவு நேரத்தில் அடங்கினான், சாப்பிட்டானா, தூங்கினானா?'ன்னு கேளுங்க. நாள்கள் போகப் போக அழும் நேரம் குறையணும். அழாமலே, விளையாடாமலே ஒரு மூலையில் சுருண்டு கிடந்தா அதைப் 'பழகிடுச்சு'ன்னு எடுத்துக்கக் கூடாது. 1950-களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தனியா விடப்பட்ட குழந்தைகளைக் கவனிச்சார். முதலில் அலறல், அப்புறம் சோர்வு, கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கும் விலகல். அந்த அமைதியைத்தான் நர்ஸுகள் 'செட்டில் ஆயிடுச்சு'ன்னு நினைச்சிருந்தாங்க. சேர்த்து நாலு வாரம் ஆகியும் குறையலைன்னாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனாலோ குழந்தைகள் நல டாக்டரைப் பாருங்க.

ஆனா சாயங்காலம் உங்களைப் பார்த்ததும் ஓன்னு அழுதா பயப்படாதீங்க. நாள் முழுக்க அடக்கி வெச்சதை நம்பிக்கையான ஆள்கிட்ட கொட்டுது.

இன்னொரு விஷயம். 50 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்துட்டு வரலாம்னு சட்டம் சொல்லுது. உங்க கம்பெனியில் இருக்கான்னு விடுப்பு முடியும் முன்னாடியே ஹெச்.ஆர்-ல கேட்டு வைங்க.