புதுப்பிக்கும் தேதிக்கு முந்தைய தேதி

முப்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில்கூட மின்னஞ்சல், கணக்கு, வடிவமைப்பு, வைரஸ் தடுப்பு என்று பத்துப் பதினைந்து மென்பொருள் சந்தாக்கள் ஓடிக்கொண்டிருக்கும். எது எப்போது முடிகிறது, எத்தனை பேருக்கு வாங்கியது என்பது பெரும்பாலும் யாராவது ஒருவர் நினைவில்தான் இருக்கும். இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம், ஓர் எக்செல் தாள் போதும். அதில் எந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்பதுதான் விஷயம்.

சீட் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் போதாது, மூன்று வேண்டும்: வாங்கியது, ஆட்களுக்குக் கொடுத்தது, உண்மையில் பயன்படுவது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஆண்டுத் திட்டத்தில் ஒரு நிறுவனம் 30 சீட் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகப் பக்கத்தில் பார்த்தால் 26 பேருக்குக் கொடுத்திருக்கிறது. பயனர் பட்டியலில் கடைசியாக உள்நுழைந்த தேதியைப் பார்த்தால், அந்த 26 பேரில் மூவர் வேலையை விட்டுப் போனவர்கள். அவர்கள் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள். முடக்கினால் பணம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, முடக்கிய கணக்குக்கும் சீட் உண்டு. ஆக, ஏழு சீட் வீண். சீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 25,200 ரூபாய். போனவர்களின் மின்னஞ்சலையும் கோப்புகளையும் வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கை நீக்க வேண்டும். 20 நாளுக்குப் பிறகு அதை மீட்க முடியாது.

நீக்கிய உடனே பில் குறைந்துவிடாது. ஆண்டுத் திட்டத்தில் சீட்டை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். குறைப்பதென்றால் புதுப்பிக்கும் சமயத்தில்தான் முடியும். மைக்ரோசாஃப்ட் 365 ஆண்டு ஒப்பந்தத்தில், புதுப்பித்த முதல் 7 நாளுக்குள் குறைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வரை அதே எண்ணிக்கைதான். அதனால் தேதிக்கும் இரண்டு கட்டம் வேண்டும்: புதுப்பிக்கும் தேதி, முடிவெடுக்கும் தேதி. இரண்டாவதை ஒரு மாதம் முன்னதாக வைத்து, காலண்டரில் நினைவூட்டல் போடுவது இதைத்தான்.

எல்லாமே சந்தா அல்ல என்பதையும் தாளில் குறிக்க வேண்டும். டேலியின் நிரந்தர உரிமம் வைத்திருப்பவர் டிஎஸ்எஸ் புதுப்பிக்காவிட்டாலும் மென்பொருள் திறக்கும், ஆனால் புதிய பதிப்புகள் வராது. மின்னஞ்சல் சந்தா முடிந்தாலோ அஞ்சலே நின்றுபோகும். இரண்டையும் ஒரே அவசரத்தோடு பார்க்கத் தேவையில்லை.

கடைசிக் கட்டம், பணம் யாருடைய கார்டிலிருந்து போகிறது என்பது. இந்தியாவில் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சாதாரண சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். அந்தத் தகவலும் ஓடிபியும் போகும் கைபேசி, அலுவலகத்தை விட்டுப் போனவருடையதாக இருந்தால் பணம் கட்டப்படாமல் சேவை நிற்கும். ஊழியர் ஒருவர் விலகும் நாளில் சாவியை வாங்கும்போது, இந்தத் தாளில் அவர் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்றும் தேடிவிடுங்கள்.