மார்கழிக் குளிரில் ஏன் வியர்க்கிறது?

கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் வீடே கம்பளிக்குள் சுருண்டுகிடக்க, எட்டு மாதக் கர்ப்பிணி மட்டும் போர்வையை உதறிவிட்டு, நனைந்த நைட்டியை மாற்ற எழுந்திருப்பார். காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான். அவருடைய உள்வெப்பம் மூன்றாம் மாதத்தில் இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்!

தொடக்க மாதங்களில் வெப்பம் கூடுவது உண்மை. கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், உடல்வெப்பத்தை மேற்பார்க்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியைத் தூண்டி, அளவை அரை டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிவிடுகிறது. பாதிக் கர்ப்பம் தாண்டும்போது அந்த ஏற்றம் இறங்கிவிடும். ஆனாலும் புழுக்கம் மட்டும் போவதில்லை.

காரணம் உள்ளே இருப்பவர். பிறக்கும் தறுவாயில் உள்ள குழந்தை, ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவுக்கு, ஏறத்தாழ 10 வாட் வெப்பத்தை இரவும் பகலும் உண்டாக்குகிறது. பனிக்குட நீருக்குள் வியர்த்து ஆறவும் வழியில்லை. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்கு வந்து தாயின் ரத்தத்தில் சேர்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தானே போகும்? அதனால் குழந்தை தாயைவிடச் சுமார் அரை டிகிரி சூடாகவே இருக்கிறது. தாயின் உள்வெப்பம் இறங்குவது இங்கேதான் உதவுகிறது. அவர் குளிர்ந்தால்தான் குழந்தையும் ஆற முடியும்.

வாங்கிய வெப்பத்தைத் தாய் வெளியேற்றுவது தோல் வழியாக. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. தோலடி ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளங்கை வெதுவெதுப்பாகிறது. முன்பைவிடக் குறைந்த உள்வெப்பத்திலேயே வியர்வை கசியத் தொடங்குகிறது. வெப்பத்தை உணரும் நரம்பு நுனிகள் தோலில் நிறைய இருப்பதால், வெளியேறிக்கொண்டிருக்கும் சூடு அவருக்கு உடம்பே கொதிப்பதுபோல் தெரிகிறது.

சரி, ஏன் இரவில்? தூங்கும்போது எல்லோருக்குமே உடல் தன் வெப்பத்தை வெளியே தள்ளி, விடியலுக்கு முன் மிகக் குறைந்த அளவைத் தொடும். கர்ப்பிணிக்குத் தள்ள வேண்டியது அதிகம். கம்பளியோ அதை மறிக்கிறது. ஒரே கனத்த கம்பளிக்குப் பதில் பருத்திப் போர்வைகளை அடுக்கிக்கொண்டால் ஒவ்வொன்றாக விலக்கலாம்.

எல்லா வியர்வையும் இப்படி அல்ல. தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், குளிர்நடுக்கமோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால், அது தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் நீடிக்கும் இருமலோடு எடையும் ஏறாவிட்டால் காசநோய்ப் பரிசோதனை தேவை. கைநடுக்கமும் ஓயாத படபடப்பும் சேர்ந்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்வார்கள்.

குழந்தை பிறந்ததும் வியர்வை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று சரிய, தேங்கிய நீரை உடல் சிறுநீராகவும் வியர்வையாகவும் கழிக்கிறது. முதல் சில வாரங்களுக்குத் தலையணை நனையத்தான் செய்யும்.