அம்மா வழி வந்த ரத்தக் கசிவு

இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் மகன் லியோபோல்டுக்கு ஹீமோபிலியா இருந்தது. ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் குறைந்துபோகும் நோய் இது. 1884இல் பிரான்சில் கால் வழுக்கி விழுந்தவர், அடுத்த நாளே இறந்துபோனார். அவருக்கு ஒரு மகள், ஆலிஸ். அவர் இறந்த சில மாதங்களில் ஒரு மகனும் பிறந்தான்.

அந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுத்தது. மகனுக்கு அப்பா தருவது ஒய் என்பதால், லியோபோல்டின் மகனுக்கு இந்த நோய் வர வழியே இல்லை, வரவும் இல்லை. மகளுக்கோ அப்பாவிடம் இருந்த ஒரே எக்ஸ், பழுதுபட்ட அதே எக்ஸ், வந்தே தீரும். ஆகவே ஆலிஸ் நோயைக் கடத்துபவர் என்பதைப் பரிசோதனையே இல்லாமல், அவர் பிறந்த அன்றே சொல்லியிருக்கலாம்.

கடத்தும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதி. ஒவ்வொரு மகளும் கடத்துபவராகும் வாய்ப்பும் பாதி. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. அது தவறு. ஒவ்வொரு பிரசவத்திலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. ஆலிஸின் மகன் ரூபர்ட்டுக்கு ஹீமோபிலியா இருந்தது. 1928இல் கார் விபத்துக்குப் பின் இறந்தார்.

ரூபர்ட்டுக்கு மே என்றொரு அக்கா. இப்படிப்பட்ட அக்காமார் நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி இருவர் கடத்துபவர், இருவர் இல்லை. நால்வருக்கும் ஆளுக்கொரு மகன் பிறந்தால், கடத்தும் இருவரின் மகன்களில் ஒருவனுக்கு நோய் வரும். மகன் நலமாக உள்ள தாய்மார் மூவர். அவர்களில் ஒருவர் கடத்துபவர். அதாவது, நலமான ஒரு மகன் பிறந்ததும் அக்காவின் பாதி வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. நலமான மகன்கள் கூடக்கூட அது இன்னும் குறையும். ஆனால் பூஜ்யம் ஆகாது.

வம்சாவளி இவ்வளவுதான் சொல்லும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. விக்டோரியாவின் முன்னோரிடமும் அது இருந்ததாகத் தெரியவில்லை. மரபணுவில் புதிதாக நேரும் மாற்றம் அது. யார் செய்த தவறும் அல்ல. இதற்காக மருமகளைக் குறை சொல்லும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கடத்தும் பெண்களில் சிலருக்கே மாதவிடாயிலும் பிரசவத்திலும் ரத்தம் மிகுதியாகப் போகும். ஆனால் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து ஒருவர் கடத்துபவர் அல்ல என்று முடிவு செய்ய முடியாது. நோயுள்ள பையனின் மரபணுவில் எங்கே பழுது என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு அதே இடத்தை அவனுடைய அம்மா, அக்கா, சித்தியிடம் தேடுவதே நம்பகமான வழி. கர்ப்பமாவதற்கு முன்பே இதைச் செய்துகொண்டால், பிரசவத்தில் குழந்தையின் தலையில் ஆயுதம் போடாமல் தவிர்க்க மருத்துவர் முன்கூட்டியே திட்டமிடலாம்.