கடன் பத்திர ஃபண்டும் சறுக்கும்

2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி முன்னறிவிப்பின்றி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. அன்றே பத்தாண்டு அரசுப் பத்திரங்களின் வருவாய் விகிதம் சுமார் கால் சதவீதம் ஏறியது.

புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது, பழையதை விலை குறைத்தால்தான் விற்க முடியும். எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லும் அளவுகோல்தான் டியூரேஷன். அது 6 ஆண்டுகள் உள்ள கில்ட் ஃபண்டில், கால் சதவீத ஏற்றத்துக்கு மதிப்பு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் இறங்கும்.

அதாவது, ஒரு லட்சம் போட்டவரின் வரைபடத்தில் 1,500 ரூபாய்ப் பள்ளம். பத்திரங்களுக்கு வட்டி வரத்தான் செய்கிறது. மேற்கொண்டு வட்டி விகிதம் உயராவிட்டால், மாதம் 600 ரூபாய் வீதம் சேர்ந்து இரண்டரை மாதத்தில் பள்ளம் நிரம்பும். ஆனால் ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதத்தைத் தொட்டது. ஆறு மாதத்தில் பணம் தேவைப்படுபவருக்கு, டியூரேஷன் சில மாதங்களே உள்ள ஃபண்டுதான் பொருந்தும். மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் அந்த எண் இருக்கும்.